ஸ்பார்க் பிளக்கும் ரிமோட் சாவியும்: படம் பார்த்து எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது

குளச்சலில் இருக்கும் என் மாமா மகன் போன மாதம் மூன்று படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். மூன்றும் ஒரே எண் போட்ட ஸ்பார்க் பிளக். ஒன்று ஆன்லைன் கடையில் இரண்டு பிளக் சேர்த்து மலிவு விலைக்குக் கிடைப்பது. இரண்டாவது திங்கள்சந்தையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் படமெடுத்து அனுப்பியது. மூன்றாவது நாகர்கோவிலில் வண்டிக் கம்பெனியின் டீலர் கவுண்டரில் விற்பது. "அண்ணே, இதுல எது ஒரிஜினல்? எதை வாங்கட்டும்?" என்று கேட்டிருந்தான்.

பைக் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பதால் இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். கடற்கரை ஊர்களிலிருந்தும், குலசேகரம் பக்கம் மலையோர ஊர்களிலிருந்தும் ஒரு சின்ன பார்ட்ஸுக்காக நாகர்கோவில் வரை பஸ் ஏறி வர யாரும் விரும்புவதில்லை. அதனால் படத்தை வைத்தே முடிவெடுக்கப் பார்க்கிறார்கள். படத்தை வைத்து முடிவெடுக்கலாம்தான், ஆனால் பொருளுக்குப் பொருள் அது மாறும். ஸ்பார்க் பிளக்கைப் படம் பார்த்து வேண்டாம் என்று ஒதுக்கலாம். நல்லது என்று உறுதி சொல்ல முடியாது. ரிமோட் சாவியின் வெளிக்கூட்டைப் படம் பார்த்தே பெரும்பாலும் வாங்கிவிடலாம். பிளக்கின் வேலை முழுக்க உள்ளே நடக்கிறது. சாவிக்கூட்டின் வேலையோ அந்தக் கூடுதான்.

முதலில் பிளக். பையனின் பைக் 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 வண்டி, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். பழைய பிளக்கிலும் வண்டியோடு வந்த கையேட்டிலும் இருந்த எண் CPR8EA-9. என்ஜிகே கம்பெனியின் இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தாலே பாதிக் குழப்பம் தீரும். C என்றால் மரையின் விட்டம் 10 மில்லிமீட்டர். P என்றால் பீங்கான் மூக்கு சற்று வெளியே நீண்டிருக்கும். R என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. 8 என்பது வெப்ப எண். E என்றால் மரைப் பகுதியின் நீளம் 19 மில்லிமீட்டர். கடைசி 9, இரண்டு முனைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி 0.9 மில்லிமீட்டர் என்பதைச் சொல்கிறது.

வெப்ப எண்ணில் பலர் ஏமாறுகிறார்கள். என்ஜிகேயில் எண் கூடினால் பிளக் குளிர்ச்சியானது, அதாவது சூட்டை வேகமாக இன்ஜின் தலைக்குக் கடத்திவிடும். பாஷ் கம்பெனியின் பிளக்கில் இது அப்படியே தலைகீழ்: எண் குறைந்தால்தான் குளிர்ச்சி. ஆகவே "அந்த பிராண்டு இல்லை, இதுவும் அதே நம்பர்தான்" என்று வேறு கம்பெனி பிளக்கின் படம் வந்தால் எண்ணை மட்டும் பார்த்துத் தலையாட்டக் கூடாது. அந்தக் கம்பெனியின் பட்டியலில் உங்கள் வண்டிக்கு எது என்று பார்த்த பிறகே சரி சொல்ல வேண்டும்.

இனி அந்த மூன்று படங்கள். ஆன்லைன் படம் பளபளவென்று இருந்தது. வெள்ளைப் பின்னணி, நிழலே இல்லை, பிளக்கில் ஒரு தூசிகூட இல்லை. அது கம்பெனி வெளியிட்ட விளம்பரப் படம்; வீட்டுக்கு வரப்போகும் பிளக்கின் படம் அல்ல. அதை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் விற்பவர் கையிலிருக்கும் சரக்கைப் பற்றி எதுவும் தெரியாது. இந்த மாதிரி இடங்களில் கீழே போய், வாங்கியவர்கள் போட்ட படங்களைப் பார்க்க வேண்டும். அப்படி அங்கே பிளக்கின் இரண்டு படங்களும் டப்பாவின் படம் ஒன்றும் கிடைத்தன.

முதலாவதில் பீங்கானில் அச்சடித்த எழுத்துகள் தடித்து, ஓரம் கலங்கி இருந்தன. எண் வரிசை சற்றுச் சாய்ந்தும் இருந்தது. நல்ல பிளக்கில் எழுத்து மெல்லியதாக, ஓரம் கூர்மையாக, நேர்வரியில் நிற்கும். இரண்டாவது படம் எரியும் முனையைக் காட்டியது. வளைந்து வரும் எர்த் கம்பி நடு முனைக்கு நேர் மேலே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. கம்பியின் வெட்டுமுனையில் பிசிறு தெரிந்தது. மரைக்கு மேலிருக்கும் வாஷரும் சாய்ந்து கிடந்தது. ஒரிஜினலில் வாஷர் மரையோடு சிக்கிக்கொண்டு நிற்கும், தலைகீழாகப் பிடித்தாலும் லேசில் கழன்று விழாது. சாய்ந்து தொங்குகிற வாஷர் போலியின் பழைய அடையாளம். ஒரு குறை மட்டும் என்றால் கேமரா கோணத்தின் மேல் பழி போடலாம். மூன்று குறை சேர்ந்தால் வேண்டாம் என்று ஒதுக்குவதே சரி. ஒதுக்கினோம்.

திங்கள்சந்தைக் கடையின் படத்தைப் பற்றிப் பையன் எழுதியிருந்தது: "இது பழைய பிளக்கைத் தேச்சு வச்சிருக்கானுவ போலிருக்கு." அவன் சந்தேகப்பட்டதில் நியாயம் உண்டு. இரும்பு உடம்பு பளிச்சென்று இல்லை, முலாம் மங்கி, ஸ்பேனர் பிடிக்கும் அறுகோணத்தின் ஓரத்தில் லேசாக வெண்மை பூத்திருந்தது. டப்பாவின் ஒரு மூலை ஈரம் குடித்து மெத்தென்று மடிந்திருந்தது.

இங்கேதான் நம் மாவட்டத்துக்காரர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கடலோரத்தில் உப்புக் காற்று, அதோடு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. மூடாத அலமாரியில் ஒரு வருடம் இருந்தாலே எந்த முலாமும் மங்கும். கோயம்புத்தூரில் இருப்பவர் சொல்லும் "மங்கல் என்றால் போலி" என்ற கணக்கு குளச்சலுக்கும் முட்டத்துக்கும் ஒத்துவராது. இன்னொரு பக்கம், புதிதாக அடித்த போலியின் முலாம் முதல் மாதத்தில் கண்ணைப் பறிக்கும். ஆகவே மினுமினுப்பை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். காற்று மாற்றக்கூடிய விஷயம் அது. காற்று மாற்ற முடியாததைப் பாருங்கள்: தட்டி வைத்த எழுத்தின் கூர்மை, மரையின் வடிவம், எர்த் கம்பி நிற்கும் இடம், வாஷரின் உருவம்.

கடைக்காரரிடம் வேறு படங்கள் கேட்கச் சொன்னேன். எப்படிக் கேட்பது என்பதும் முக்கியம். ஃபிளாஷ் வேண்டாம், ஃபிளாஷ் அடித்தால் உலோகம் முழுக்க வெளுத்து, சொரசொரப்பு மறைந்துவிடும். கடை வாசலில், பகல் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்ந்து விழும்படி வைத்து எடுக்க வேண்டும். அறுகோணத்தை நேராக ஒன்று, பீங்கானை நேராக ஒன்று, எரியும் முனையைப் பக்கத்திலிருந்து ஒன்று, டப்பாவின் எழுத்துள்ள பக்கங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி எழுத்து குழைந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே வரும். எழுத்து குழைந்த படத்தைப் பார்த்து "அச்சு மோசம்" என்று நல்ல சரக்கை வேண்டாம் என்றவர்களும் இருக்கிறார்கள்.

படங்கள் வந்தன. அறுகோணத்தில் தட்டிய லாட் எழுத்துகள் ஒரே ஆழத்தில், தெளிவாக இருந்தன. மரை முதல் சுற்றிலிருந்தே வழவழப்பாக, ஒளி அதில் அறுபடாமல் ஓடியது. போலிகளில் முதல் சுற்றில் பிசிறும், மரையின் மேட்டில் கிழிந்த மாதிரிக் கோடும் தெரியும். எர்த் கம்பி நடு முனைக்கு நேர் மேலே. சரி, போலி இல்லை என்றே தோன்றியது. ஆனால் பையன் சொன்ன சந்தேகம் அது அல்லவே. தேய்த்து வைத்த பழைய பிளக்கோ என்பதுதான் அவன் கேள்வி. பழைய ஒரிஜினலைச் சுத்தம் செய்து விற்றால் எழுத்து, மரை, கம்பி எல்லாமே ஒரிஜினலாகத்தான் இருக்கும்.

அதற்கு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது வாஷர். புதிய வாஷர் உருண்டு, உள்ளே வெற்றிடத்தோடு உப்பி இருக்கும். ஒருமுறை இன்ஜினில் முறுக்கினால் நசுங்கித் தட்டையாகிவிடும், மறுபடி உப்பாது. இரண்டாவது, பீங்கான் இரும்பு உடம்புக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே. ஓடிய பிளக்கில் அங்கே இளம் பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் படியும். உயர் மின்னழுத்தம் காற்றிலுள்ள எண்ணெய்த் துகள்களை இழுத்து அங்கே ஒட்டவைக்கிறது. அது பிளக்கின் கோளாறு அல்ல, ஓடியதன் அடையாளம் மட்டும். மூன்றாவது, எரியும் முனையில் பீங்கான் மூக்கு. புதியதில் அது வெள்ளையாக, வழவழப்பாக இருக்கும். மணல் அடித்துச் சுத்தம் செய்ததில் பளபளப்பு போய், சாக்குக்கட்டி மாதிரி வறண்டிருக்கும். நடு முனையின் விளிம்பும் கூர்மை இழந்து உருண்டிருக்கும்.

அந்தப் படங்களில் வாஷர் உப்பியே இருந்தது. பீங்கானில் வளையம் இல்லை. நடு முனையின் விளிம்பு கத்தரித்தாற்போல் இருந்தது. டப்பாவில் தயாரித்த மாதமும் வருடமும், விலையும், தயாரிப்பாளர் முகவரியும், குறை சொல்ல வேண்டிய தொலைபேசி எண்ணும் இருந்தன. பொட்டலமிட்ட பொருள்களுக்கான 2011 எடையளவு விதிகளின்படி இவை இருந்தாக வேண்டும். ஆன்லைன் பிளக்கை வாங்கியவர் போட்ட டப்பாப் படத்தில் மாதமும் வருடமும் இல்லை. திங்கள்சந்தைச் சரக்கு பழைய ஸ்டாக், அவ்வளவுதான். பிளக்குக்குக் காலாவதித் தேதி கிடையாது. மரையிலும் முனையிலும் துரு இல்லாவிட்டால் பழைய ஸ்டாக்கைத் தாராளமாகப் போடலாம்.

டப்பாவைப் பற்றி இன்னொன்று. என்ஜிகேயின் தாய்க் கம்பெனி 2023 ஏப்ரலில் நிட்டெரா என்று பெயரை மாற்றிக்கொண்டது. பிராண்டு பெயர் பழையதுதான். ஆகவே இரண்டு டப்பாக்களில் தயாரிப்பாளர் பெயர் வேறு வேறாக இருந்தால் அதை மட்டும் காரணமாக வைத்துச் சண்டைக்குப் போக வேண்டாம்.

நாகர்கோவில் டீலர் கவுண்டரின் படத்தைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. வண்டிக் கம்பெனியின் பையில், கம்பெனியின் பார்ட் நம்பரோடு இருந்தது. விலை சில பத்து ரூபாய் கூடுதல். ஸ்டாக் இல்லை, சொல்லிவைத்தால் வரவழைப்போம் என்றார்கள். நம்பகம் என்று பார்த்தால் மூன்றிலும் இதுவே முதல். வண்டி வாரண்டியில் இருந்தால் நான் யோசிக்காமல் இங்கேதான் அனுப்புவேன். பின்னால் இன்ஜினில் ஏதாவது என்றால் "வெளிப் பிளக் போட்டாய்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

பையனின் வண்டிக்கு வாரண்டி முடிந்துவிட்டது. மீன் கொண்டுபோகும் வண்டி, இரண்டு மூன்று நாள் நிறுத்திவைக்க வழியில்லை. ஆகவே திங்கள்சந்தை. ஆனால் படத்தை நம்பிப் பணம் அனுப்பச் சொல்லவில்லை. நேரில் போய், மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சம்மதிக்கிறாரா, தவறு இருந்தால் திருப்பி எடுப்பாரா என்று முதலில் கேட்கச் சொன்னேன். இரண்டுக்கும் சரி என்றார். அந்த ஒரு சம்மதம் எந்தப் படத்தையும் விடப் பெரிய சாட்சி என்பது என் எண்ணம்.

மீட்டர் எதற்கு? எண்ணிலுள்ள R வெறும் எழுத்து. உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறதா என்று எந்தப் படமும் காட்டாது. மீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைப் பிளக்கின் தலையிலும் மறுமுனையை நடு முனையிலும் தொட்டால் இந்த வகைப் பிளக்கில் 5 கிலோ ஓம் பக்கம் காட்ட வேண்டும். சற்றுக் கூடலாம், குறையலாம். சுழியம் காட்டினால் R என்பது பொய். ரெசிஸ்டர் இல்லாத பிளக் எழுப்பும் மின் இரைச்சல் பிஎஸ்6 வண்டியில் இன்ஜினை இயக்கும் குட்டிக் கணினியான இசியுவைக் குழப்பும். வண்டி திணறும், எச்சரிக்கை விளக்கு எரியும், காரணம் புரியாமல் சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருப்போம். பையன் பார்த்ததில் 5-ஐ ஒட்டி வந்தது. அப்புறம் ஃபீலர் கேஜில் இடைவெளியும் 0.9-க்குச் சரியாக நின்றது. வாங்கினான். கையால் முறுக்கி உட்கார்ந்த பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று, அவ்வளவு போதும் என்று சொல்லி அனுப்பினேன். அதற்கு மேல் வலிந்து இறுக்கினால் 10 மில்லிமீட்டர் மரை தாங்காது.

மீட்டருக்கும் எல்லை உண்டு. ரெசிஸ்டர் வைத்த போலியும் செய்யலாம். வெப்ப எண் உண்மையிலேயே 8-தானா, நடு முனைக்குள் செம்பு இருக்கிறதா என்பதை ஒர்க்‌ஷாப்பில் யாராலும் அளக்க முடியாது. சூட்டைக் கடத்தாத போலி, நீண்ட ஓட்டத்தில் மூக்கு செக்கச் சிவந்து, பொறி வரும் முன்பே பெட்ரோலைப் பற்றவைக்கும். அந்த நிலையில் பிஸ்டன் தலை உருகும். நூறு ரூபாய்ப் பொருளில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க இந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. ஆகவேதான் பிளக்குக்கு முன்பின் தெரியாத ஆன்லைன் விற்பனையாளரை நான் கடைசி இடத்தில் வைக்கிறேன், படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

இப்போது ரிமோட் சாவி. காரின் ரிமோட் சாவியில் மூன்று தனித்தனிப் பொருள்கள் உண்டு: பிளாஸ்டிக் கூடு, கதவைத் திறக்கும் ரிமோட் போர்டு, இன்ஜினை ஸ்டார்ட் ஆக விடும் சிப். பெரும்பாலும் கெட்டுப்போவது கூடுதான். பட்டன் ரப்பர் கிழியும், மடக்குச் சாவியின் கீல் உடையும். போர்டும் சிப்பும் நன்றாகவே இருக்கும். டீலரிடம் போனால் கூடு மட்டும் பெரும்பாலும் கிடைக்காது. முழுச் சாவி வாங்கி வண்டியோடு சேர்க்க வேண்டும், அது ஆயிரக்கணக்கில் போகும். வெளியில் காலிக் கூடு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இங்கே நான் தயங்காமல் ஆன்லைன் என்பேன்.

கூட்டுக்குப் படம் போதும் என்றேன். எதைப் பார்ப்பது? பட்டன்களின் எண்ணிக்கையும் இடமும் முதலில். அடுத்தது திறந்த நிலையில் உள்பக்கப் படம். போர்டை நிறுத்தும் குமிழ்கள் எங்கே இருக்கின்றன, பட்டன் செல்லுக்கு எந்த அளவில் குழி விட்டிருக்கிறது, சிப்புக்கு இடம் இருக்கிறதா என்று உங்கள் சாவியைத் திறந்து பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். CR2032 செல் 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. CR1620 செல் 16 அகலம், 2 தடிப்பு. ஒன்றுக்கான குழியில் மற்றது நிற்காது. உள்பக்கப் படம் தராத விற்பனையாளரை விட்டுவிடலாம். பின்பு இரு பாதிகளும் சேரும் கோடு: சுற்றிலும் ஒரே இடைவெளியில் ஓட வேண்டும். ஒரு பக்கம் அகன்றிருந்தால் நம் ஊர் மழைக்கு அதுதான் வாசல். செல் தொடும் தகடு பச்சை பூத்து நிற்கும் சாவிகளில் பல அப்படிக் கோடு பிரிந்தவைதான்.

லோகோ பளபளக்கிறதா என்பதைப் பொருட்படுத்த வேண்டாம். மலிவுக் கூட்டின் மேல் இருக்கும் கம்பெனி லோகோ அநேகமாக அனுமதி இல்லாமல் ஒட்டியதுதான். அதை "ஒரிஜினல்" என்று கூடுதல் விலைக்கு விற்றால் வாங்காதீர்கள். லோகோ இல்லாத கூடு அதே வேலையைச் செய்யும்.

முழு ரிமோட் வாங்குவதாக இருந்தால் கதை மறுபடி பிளக் மாதிரி ஆகிவிடும். கூட்டின் அழகு எதையும் சொல்லாது. கல்ஃபில் இருக்கும் உறவினர் அங்கிருந்து வாங்கி வருவது நம் பக்கம் சகஜம். அவரிடம் போர்டில் அச்சிட்டிருக்கும் அலைவரிசையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்தியாவில் ஓடும் கார்களின் ரிமோட் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ். வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்த 315 மெகாஹெர்ட்ஸ் ரிமோட், வெளியில் அச்சு அசலாக இருந்தாலும் உங்கள் காரோடு பேசாது. அலைவரிசை ஒத்துப்போனாலும் பல கம்பெனிகளின் ஸ்மார்ட் சாவி ஒரு வண்டியோடு சேர்ந்துவிட்டால் இன்னொரு வண்டிக்கு லேசில் மாறாது. ஆகவே பயன்படுத்திய ஸ்மார்ட் சாவியைப் படம் பார்த்து வாங்கவே வேண்டாம்.

படம் கேட்பதைப் போலவே படம் அனுப்புவதிலும் கவனம் தேவை. கூடு பொருந்துமா என்று விற்பவருக்கு உங்கள் சாவியின் படத்தை அனுப்பும்போது வெட்டுப் பற்களைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். சாவியோடு வந்த சின்னத் தகட்டில் இருக்கும் எண்ணையும் காட்டாதீர்கள். பற்களின் தெளிவான படமோ அந்த எண்ணோ இருந்தால், தெரிந்தவர் அதே சாவியை வெட்டிவிடலாம். விற்பவருக்குத் தேவை பட்டன் பக்கமும், சாவியின் இரும்பு அலகில் எந்தப் பக்கம் பள்ளம் ஓடுகிறது என்பதும் மட்டுமே.

கூடு வந்ததும் வீட்டிலேயே மாற்றுபவர்கள் பழைய கூட்டைக் குப்பையில் போடும் முன் உள்ளே ஒருமுறை துழாவிப் பாருங்கள். பல சாவிகளில் சிப் போர்டில் இருக்காது. அரிசியை விடச் சற்றுப் பெரிய கறுப்புத் துண்டாகவோ கண்ணாடிக் குழலாகவோ கூட்டின் ஒரு மூலையில் பசை போட்டு ஒட்டியிருக்கும். அதை எடுக்காமல் விட்டால் புதுச் சாவியில் கதவு திறக்கும், ஆனால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது, அல்லது ஆகி உடனே அணைந்துவிடும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் பசை இளகும். பிளேடு வைத்து நெம்பாதீர்கள், கண்ணாடிக் குழல் என்றால் உடைந்துவிடும். உடைந்தால் டீலரிடம் முழுச் சாவிதான்.